கரோசல் ஸ்லைடுகளில் திரைவசனமும் பாடல் வரியும்: பதிப்புரிமைச் சிக்கலைத் தவிர்க்கும் முறை

இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன் போன்ற தளங்களில் வாசகர் விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கும் படத்தொடர் கரோசல் எனப்படுகிறது. வாசகரின் விரல் முதல் ஸ்லைடிலேயே நின்றாக வேண்டும் என்பதால், எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு பாடல் வரியையோ பஞ்ச் வசனத்தையோ அங்கே பெரிய எழுத்தில் வைப்பது பரவலான வழக்கமாகிவிட்டது. அவ்வாறு வைப்போரில் பெரும்பாலோர், ஒரு வரிதானே, எழுதியவர் பெயரையும் போட்டாயிற்றே என்ற நிம்மதியில் இருக்கிறார்கள். அந்த நிம்மதிக்குச் சட்டத்தில் ஆதாரம் மிகக் குறைவு. எடுத்த வரி எத்தனை சொல் நீளம் என்பதைவிட, அந்த வரி ஸ்லைடில் என்ன வேலை செய்கிறது என்பதே பதிப்புரிமை விஷயத்தில் முதன்மையான கேள்வி. வரி ஆராயப்படும் பொருளாக நின்றால் சட்டம் இடம் கொடுக்கிறது. கண்ணைக் கவரும் அலங்காரமாக நின்றால் அந்த இடம் பெரிதும் சுருங்கிவிடுகிறது. இந்த வேறுபாட்டை இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் அடிப்படையில் விளக்கி, அதை ஸ்லைடு அமைப்பில் கடைப்பிடிக்கும் முறையை இந்த அத்தியாயம் தருகிறது.

ஒரே ஸ்லைடில் பல உரிமைகள்

ஒரு திரைப்படப் பாடல் பார்வைக்கு ஒரே பொருளாகத் தோன்றினாலும், சட்டத்தின் கணக்கில் அது பல படைப்புகளின் கூட்டு. பாடல் வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு. மெட்டு ஓர் இசைப் படைப்பு. பாடி ஒலிப்பதிவு செய்யப்பட்டது தனியொரு ஒலிப்பதிவு. அது இடம்பெறும் படம் வேறொரு படைப்பு. வசனமும் இலக்கியப் படைப்பாகவே கொள்ளப்படுகிறது. படத்துக்கு உள்ள பதிப்புரிமை, அதில் அடங்கிய வசனத்துக்கும் பாடலுக்கும் தனித்தனியே உள்ள பதிப்புரிமையைப் பாதிக்காது என்று சட்டத்தின் 13(4) பிரிவு கூறுவதால், ஒன்றுக்குக் கிடைத்த அனுமதி மற்றொன்றுக்குச் செல்லாது.

இந்தப் பிரிவினை கரோசல் தயாரிப்பவருக்கு உடனடியாகப் பயன்படும் ஒன்று. வரியை மட்டும் எழுத்தில் தரும் ஸ்லைடு, இலக்கியப் படைப்பு ஒன்றை மட்டுமே தொடுகிறது. அதன் பின்னணியில் படத்தின் காட்சி ஒன்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால், படத்தின் உரிமையும் சேர்ந்துகொள்கிறது. ஏனெனில் படத்தில் உள்ள எந்தக் காட்சியையும் புகைப்படமாக எடுப்பது அந்தப் படத்தின் நகலெடுப்பில் அடங்கும் என்று 14ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. பதிவுக்குப் பாடலின் ஒலியையும் இணைத்தால், மெட்டின் உரிமையும் ஒலிப்பதிவின் உரிமையும் வந்துவிடுகின்றன. தளமே தரும் இசைப் பட்டியலிலிருந்து எடுத்த ஒலியாக இருந்தாலும், அந்த வசதி பெரும்பாலும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது. வணிகக் கணக்குகளுக்கு வேறு வரம்புகள் உண்டு. மேலும் அந்த உரிமம் ஒலிக்கு உரியதே தவிர, அதே பாடலின் வரிகளை ஸ்லைடில் எழுதிக்கொள்வதற்கான அனுமதியாக அதைக் கொள்ள முடியாது. ஆகவே காட்சியையும் ஒலியையும் விட்டு, வரியை வெறும் எழுத்தாக மட்டும் தருவது சிக்கலின் பரப்பைப் பெருமளவு குறைக்கும் முதல் படியாகும்.

நடிகரின் முகம் இவற்றிலிருந்து வேறுபட்ட ஒன்று. அது பதிப்புரிமையில் அடங்காமல், புகழ்பெற்ற ஒருவர் தம் பெயர், உருவம், குரல் ஆகியவற்றின் வணிகப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் ஆளுமை உரிமையில் அடங்குகிறது. 2015இல் நடிகர் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவருடைய பெயரையும் உருவத்தையும் மட்டுமல்லாமல் வசனம் பேசும் பாணியையும் ஒரு படத்தில் அனுமதியின்றிப் பயன்படுத்துவதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. 2023இல் நடிகர் அனில் கபூரின் வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவு, அவரோடு அடையாளம் காணப்படும் ஒற்றைச் சொல்லுக்கும் அத்தகைய பாதுகாப்பை அளித்தது. எனவே, மிகக் குறுகியது என்பதால் பதிப்புரிமைக்குள் வராத ஒரு பஞ்ச் வசனம்கூட, நடிகரின் படத்தோடு சேர்ந்து விற்பனை விளம்பரத்தில் வரும்போது வேறொரு வாசல் வழியாகச் சிக்கலைக் கொண்டுவரக்கூடும்.

சொற்கணக்கு தரும் பொய்யான பாதுகாப்பு

எட்டுச் சொற்கள் வரை எடுக்கலாம், இரண்டு வரி வரை எடுக்கலாம், மொத்தத்தில் பத்து விழுக்காடு எடுக்கலாம் என்று பல கணக்குகள் வாய்மொழியாகச் சுற்றிவருகின்றன. மேற்கோளுக்கு இத்தகைய எண்ணளவு எதையும் இந்தியச் சட்டம் வகுக்கவில்லை. படைப்பின் குறிப்பிடத்தக்க பகுதி எடுக்கப்பட்டதா என்பதே அளவுகோல். அந்தக் குறிப்பிடத்தக்க தன்மை நீளத்தால் மட்டுமன்றித் தரத்தாலும் அளக்கப்படுகிறது. பல்லவியின் முதல் வரி பாடலின் மிகச் சிறிய பகுதியாக இருக்கலாம். ஆனால் மக்கள் அந்தப் பாடலை அடையாளம் காண்பதே அந்த வரியால்தான் என்பதால், சரணத்தின் நடுவில் உள்ள ஒரு வரியைவிட அதன் எடை கூடுதல்.

மறுபுறம், சிறியது எல்லாமே பாதுகாக்கப்பட்டது என்றும் கொள்ள வேண்டியதில்லை. தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று ஒரு இந்திப் படத்தின் பெயர் தொடர்பான கிருஷிகா லுல்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. ஆகவே பாடலின் பெயரையும் படத்தின் பெயரையும் ஸ்லைடில் குறிப்பிடுவதில் பதிப்புரிமைத் தடை இல்லை. விளம்பர வாசகம் போன்ற மிகக் குறுகிய சொற்றொடர்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடைக்காது என்பது, பெப்சி நிறுவனத்தின் விளம்பர வாசகம் குறித்து 2003இல் எழுந்த வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் எடுத்த நிலைப்பாடு. மூன்று நான்கு சொற்களால் ஆன பஞ்ச் வசனத்துக்கும் இதே வாதத்தை முன்வைக்க இடமுண்டு.

சட்டம் பொருட்படுத்தாத அளவுக்கு அற்பமான மீறல் என்ற கோட்பாடும் உண்டு. இந்தியா டிவி நிறுவனத்துக்கும் யஷ்ராஜ் பிலிம்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், 2012இல் டெல்லி உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு இந்தக் கோட்பாட்டைப் பதிப்புரிமைக்குப் பொருத்திக் காட்டியது. ஏற்பட்ட தீங்கின் அளவும் தன்மையும், வழக்கை விசாரிப்பதற்கான செலவு, மீறப்பட்ட கடமையின் நோக்கம், மற்றவர் உரிமைகளில் அதன் விளைவு, மீறியவரின் எண்ணம் ஆகிய ஐந்தையும் பார்க்க வேண்டும் என்று அது கூறியது. ஆனால் இது நீதிமன்றத்தில் நின்று வாதாடும்போது கைகொடுக்கும் தற்காப்பு. ஸ்லைடு வெளியாகும் முன்பே அதை நம்பித் திட்டமிடுவது, புகார் வந்த பிறகு செலவழிக்கத் தயாராக இருப்பவருக்கு மட்டுமே பொருந்தும்.

வரிக்குக் கீழே எழுதியவரின் பெயரைப் போடுவதும், உரிமை மீறும் நோக்கமில்லை என்று கேப்ஷனில் எழுதுவதும் அனுமதிக்கு மாற்றாகா. பெயரைக் குறிப்பிடுவது படைப்பாளிக்குச் செய்யும் கடமை. அது தவறாமல் செய்யப்பட வேண்டும். ஆனால் பிறர் பொருளை எடுத்த பிறகு அது யாருடையது என்று சொல்வதால் மட்டும் எடுத்துக்கொள்ளும் உரிமை வந்துவிடாது.

நியாயமான கையாளுகை

அனுமதி பெறாமல் மேற்கோள் காட்டுவதற்குச் சட்டம் திறந்துவைத்திருக்கும் முதன்மையான வழி 52(1)(அ) பிரிவில் உள்ளது. பிறர் படைப்பை மூன்று நோக்கங்களுக்காக நேர்மையான அளவில் பயன்படுத்துவது உரிமை மீறல் ஆகாது என்று அது சொல்கிறது. இதுவே நியாயமான கையாளுகை எனப்படுகிறது. ஆராய்ச்சி உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாடு முதல் நோக்கம். அந்தப் படைப்பையோ வேறொரு படைப்பையோ விமர்சிப்பது அல்லது மதிப்புரை செய்வது இரண்டாவது. நடப்பு நிகழ்வுகளைச் செய்தியாகத் தருவது மூன்றாவது. பொதுவெளியில் வைக்கப்படும் கரோசலைத் தனிப்பட்ட பயன்பாடு என்று சொல்வது கடினம் என்பதாலும், செய்தித் தேவை எப்போதாவதுதான் எழும் என்பதாலும், விமர்சனமே நடைமுறையில் எஞ்சி நிற்கும் வழி. ஊக்கமூட்டுவது, வாழ்த்துவது, விற்பது ஆகிய எவையும் இந்தப் பட்டியலில் இல்லை என்பதை ஸ்லைடு தயாரிப்பவர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

விமர்சனம் என்று பெயர் சூட்டிவிட்டால் மட்டும் போதாது. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற மலையாள நாடகத்துக்கு எதிர்வினையாகச் சிவிக் சந்திரன் எழுதிய நாடகம் தொடர்பான வழக்கில், கேரள உயர்நீதிமன்றம் 1996இல் மூன்று கேள்விகளை முன்வைத்தது. எடுக்கப்பட்ட பகுதியின் அளவும் மதிப்பும், அதைப் பற்றிச் சொல்லப்பட்ட கருத்தோடு ஒப்பிடும்போது எவ்வளவு என்பது முதல் கேள்வி. எந்த நோக்கத்துக்காக எடுக்கப்பட்டது என்பது இரண்டாவது. புதிய படைப்பு மூலப் படைப்பின் இடத்தைப் பிடித்து அதனோடு போட்டியிடுமா என்பது மூன்றாவது. முதல் கேள்வியில் உள்ள ஒப்பீடே கரோசலுக்கு மிகவும் பயன்படுவது. மேற்கோள் குறைவாகவும் அதைப் பற்றிய கருத்து மிகுதியாகவும் இருக்கும்போது பதிவின் நிலை வலுப்படுகிறது.

இதை எளிதாகச் சோதிக்க ஒரு வழி உண்டு. மேற்கோள் வரியை முழுவதுமாக நீக்கிவிட்டு ஸ்லைடுகளை முதலிலிருந்து படித்துப் பார்க்க வேண்டும். சொல்ல வந்த செய்தி எந்தக் குறையும் இல்லாமல் நிற்குமானால், அந்த வரி அலங்காரமாகவே இருந்தது என்று பொருள். அதை விட்டுவிடுவதே சரி. வரியை எடுத்ததும் விளக்கம் எதைச் சுட்டுகிறது என்றே புரியாமல் போகுமானால், அந்த வரி விமர்சனத்துக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது.

இரண்டு கரோசல்களின் ஒப்பீடு

ஒரு புடவைக் கடை தீபாவளி விற்பனைக்காக எட்டு ஸ்லைடுகள் தயாரிப்பதாகக் கொள்ளலாம். முதல் ஸ்லைடில் பிரபலமான காதல் பாடல் ஒன்றின் பல்லவி, பின்னணியில் அந்தப் பாடல் காட்சியின் ஸ்டில்; இரண்டு முதல் ஆறு வரையுள்ள ஸ்லைடுகளில் புடவைக்கு ஒன்றாக அதே பாடலின் அடுத்தடுத்த வரிகள், அவற்றுள் ஒன்றில் நிலவைக் குறிக்கும் சொல்லுக்குப் பதிலாகப் புடவை வகையின் பெயர்; ஏழாவதில் விலை; எட்டாவதில் கடை முகவரி; பதிவு முழுவதற்கும் அதே பாடலின் ஒலி.

ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒரு வரிதான் இருக்கிறது என்ற வாதம் இங்கே எடுபடாது. ஒரு கரோசல் ஒரே பதிவாகவே வெளியாவதால் வரிகள் கூட்டியே பார்க்கப்படும். ஆறு ஸ்லைடுகளையும் தள்ளிப் படித்தவர் பாடலின் பெரும்பகுதியைப் படித்துவிட்டார். நோக்கம் விற்பனை என்பதால் 52ஆம் பிரிவின் மூன்று நோக்கங்களில் எதிலும் அது அடங்கவில்லை. ஸ்டில் படத்தின் உரிமையையும், நடிகையின் முகம் ஆளுமை உரிமையையும், ஒலி ஒலிப்பதிவின் உரிமையையும் உள்ளே கொண்டுவந்துவிட்டன. சொல்லை மாற்றியது மேலும் ஒரு சிக்கல். படைப்பைச் சிதைத்தோ மாற்றியோ படைப்பாளியின் மதிப்புக்கும் புகழுக்கும் ஊறு விளைவித்தால் அதைத் தடுக்கும் தனி உரிமையை 57ஆம் பிரிவு அவருக்கு வழங்குகிறது. வரிகளின் பதிப்புரிமையை அவர் வேறொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும் இந்த உரிமை அவரிடமே இருக்கும். கடைக்குத் தேவையானது அந்தப் பாடல் காலத்தின் மனநிலைதான் என்றால், அதைச் சொந்த வாக்கியத்திலும் நிறத்திலும் எழுத்துருவிலும் கொண்டுவர முடியும். ஒரு காலத்தின் பாணிக்கு யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது.

இனி, அதே பாடலை எடுத்துக்கொண்டு உவமையைப் பற்றி விளக்கும் ஒரு தமிழாசிரியரின் எட்டு ஸ்லைடுகளைப் பார்க்கலாம். முதல் ஸ்லைடில் அவருடைய சொந்தக் கேள்வி மட்டும் இருக்கிறது: ஒரே உவமையை ஒரு பாடலாசிரியர் இரண்டு பொருளில் பயன்படுத்த முடியுமா? இரண்டாம் ஸ்லைடில் ஆராயப்படும் ஒற்றை வரி மேற்கோள் குறிக்குள் வருகிறது. அதன் கீழேயே எழுதியவர் பெயர், படத்தின் பெயர், ஆண்டு ஆகியவையும், இந்த வரியில் எதைக் கவனிக்க வேண்டும் என்ற ஒரு வாக்கியமும் உள்ளன. மூன்று முதல் ஆறு வரையுள்ள ஸ்லைடுகள் அந்த வரியின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து விளக்குகின்றன. மீண்டும் குறிப்பிட வேண்டிய இடத்தில் முழு வரியைத் திரும்ப எழுதாமல் ஓரிரு சொற்களை மட்டுமே சுட்டுகின்றன. ஏழாவது ஸ்லைடு முடிவைச் சொல்கிறது. எட்டாவது, முழுப் பாடலையும் அதிகாரபூர்வமான இடத்தில் கேட்குமாறு வாசகரை அனுப்புகிறது. ஸ்டில்லும் இல்லை, ஒலியும் இல்லை.

இங்கே ஒரு வரிக்கு நான்கு ஸ்லைடு விளக்கம் இருப்பதால் அளவின் ஒப்பீடு தெளிவாக அமைகிறது. பாடலைக் கேட்க விரும்புபவருக்கு இந்தப் பதிவு மாற்றாகாது என்பதால் போட்டி என்ற கேள்வியும் எழவில்லை. வரியை நீக்கினால் மூன்றாம் ஸ்லைடு முதல் எதுவுமே புரியாது. வரியும் பெயரும் கருத்தும் ஒரே ஸ்லைடில் இருப்பது இந்த அமைப்பின் முக்கியமான நுணுக்கம். ஏனெனில் வாசகர்கள் தனி ஸ்லைடை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிர்வது வழக்கம், அப்போது கேப்ஷனில் எழுதிய விளக்கம் பின்தங்கிவிடும். எட்டாம் ஸ்லைடில் ஆசிரியர் தம் கட்டண வகுப்புக்கு விளம்பரம் வைத்தால் விமர்சனம் என்ற தன்மை முற்றிலும் போய்விடாது. எனினும் வணிக நோக்கம் கலந்துவிட்டது என்ற எதிர்வாதத்துக்கு இடம் கொடுத்ததாகும். ஆதலால் அந்த விளம்பரத்தை வேறு பதிவில் வைப்பதே நல்லது.

காலம் முடிந்த வரிகள்

விற்பனைக்கோ அலங்காரத்துக்கோ வரி தேவைப்பட்டால், பதிப்புரிமைக் காலம் முடிந்த வரியைத் தேடுவது பாதுகாப்பான வழி. இந்தியாவில் இலக்கியப் படைப்பின் உரிமை, படைத்தவர் வாழும் காலம் முழுவதும் இருந்து, அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து மேலும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் மறைந்தார். அவருடைய வரிகளின் காலம் 2019 இறுதியோடு முடிந்துவிட்டது. கண்ணதாசன் 1981இல் மறைந்தார். அவருடைய வரிகளுக்கு 2041 இறுதிவரை பாதுகாப்பு உண்டு. 2016இல் மறைந்த நா. முத்துக்குமாரின் வரிகளுக்கு அது 2076 வரை செல்கிறது. பாரதியாரின் பாடல்களைப் படங்களில் கேட்டுப் பழகியவர்களும் அவற்றின் சொற்களைத் தயக்கமின்றி எழுதலாம். ஆனால் படத்தில் அவற்றுக்கு அமைந்த மெட்டும் ஒலிப்பதிவும் தனி உரிமைகளாக இன்னும் நீடிக்கக்கூடும் என்பதால், சொல்லுக்குக் கிடைத்த சுதந்திரத்தை ஒலிக்கும் உரியதாகக் கொள்ளக் கூடாது.

வசனத்தில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. படத்தின் உரிமைக் காலம் வெளியான ஆண்டிலிருந்து கணக்கிடப்படுகிறது. 1955இல் வெளியான படத்துக்கு அது 2015 இறுதியில் முடிந்துவிட்டது. ஆனால் அதன் வசனகர்த்தா 1995இல் மறைந்தவராக இருந்தால், வசனத்தின் உரிமை 2055 இறுதிவரை தொடரும். எனவே பழைய படம் என்பதால் அதன் ஸ்டில்லைப் பயன்படுத்த முடிகிற ஒருவர், அதே காட்சியின் வசனத்தை எழுத முடியாமல் போகலாம். படம் வெளியான ஆண்டையும் எழுதியவர் மறைந்த ஆண்டையும் தனித்தனியே பார்த்து, இரண்டையும் குறித்துவைத்துக்கொண்ட பிறகே முடிவு எடுக்க வேண்டும்.

அனுமதியும் புகாரும்

காலமும் முடியவில்லை, விமர்சனமும் இல்லை என்றால் எஞ்சுவது அனுமதி. பாடல் வரியின் உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளர் வழியாக ஆடியோ நிறுவனத்திடமோ அதன் இசை வெளியீட்டுப் பிரிவிடமோ இருக்கும். வசனத்துக்குப் படத்தின் தயாரிப்பு நிறுவனத்தை அணுக வேண்டும். பாடலாசிரியரிடம் வாய்மொழியாகக் கேட்டு அவர் சம்மதித்தாலும், உரிமையை அவர் ஏற்கெனவே வேறொருவருக்குக் கொடுத்திருந்தால் அந்தச் சம்மதம் பயன்படாது. ஆதலால் உரிமை யாரிடம் உள்ளது என்பதையே முதலில் எழுத்தில் கேட்க வேண்டும். சட்டப்படி உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதோடு, அதில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். இணையப் பதிவு மற்ற நாடுகளிலும் தெரியும் என்பதால், எந்த வரி, எந்தத் தளம், எத்தனை காலம், உலகம் முழுவதுமா, கட்டண விளம்பரமாகவும் ஓடுமா என்ற ஐந்தையும் கடிதத்தில் தெளிவாக எழுதிக்கொள்வது நல்லது.

புகார் வந்துவிட்டால், பதிவின் எந்தக் கூறு மீது அது வந்துள்ளது என்று முதலில் படித்தறிய வேண்டும். ஒலியின் மீது வந்த புகாரை வரியின் மீது வந்ததாக எண்ணி, வரியை மாற்றி அதே ஒலியோடு மறுபடி வெளியிடுவோர் இரண்டாவது புகாரையும் தேடிக்கொள்கிறார்கள். எழுத்துப்பூர்வமான புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் தளம் அந்தப் பதிவை அணுக முடியாதபடி செய்ய வேண்டும் என்பதும், புகார் கொடுத்தவர் 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் தளம் அதை மீண்டும் திறந்துவிடலாம் என்பதும் இந்திய விதிகள். விமர்சனமாக அமைந்த கரோசலுக்கு இந்த இடைவெளி பயனுள்ளது. வரியை நீக்கினால் விளக்கம் நிற்காது என்பதை ஸ்லைடுகளைக் கொண்டே காட்டித் தளத்தின் முறையீட்டுப் படிவத்தில் பதிலளிக்கலாம். விற்பனைக் கரோசலுக்குச் சொல்ல அப்படிப்பட்ட பதில் இல்லாததால், பதிவை நீக்கிவிட்டு உரிமையாளருக்கு எழுதுவதே சரியான வழி. வணிக ஆதாயத்துக்காகத் தெரிந்தே மீறுவது, ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம் என்று 63ஆம் பிரிவு கூறுவதால், அதை எதிர்த்து நிற்பதில் பயனில்லை.

ஆகவே ஒவ்வொரு மேற்கோள் வரிக்கும் வடிவமைப்பு தொடங்கும் முன்பே, காலம் முடிந்தது, விமர்சிக்கப்படுகிறது, எழுத்தில் அனுமதி பெறப்பட்டது என்ற மூன்றில் ஒன்றைக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். மூன்றில் எதையும் எழுத முடியாத வரி, ஸ்லைடில் இடம்பெறக் கூடாத வரி.